கப்பலில் போட்ட கணக்கும் எட்டாம் வகுப்புக் கேள்விகளும்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாற்றைக் கொடுத்து, “இவரிடம் நீ கண்ட நற்பண்புகள் யாவை?” என்று கேட்டுப் பாருங்கள். கடின உழைப்பு, விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று மூன்று சொற்களில் பதில் வந்துவிடும். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்த விடைத்தாளில் விஞ்ஞானியின் பெயரை அழித்துவிட்டு வேறொரு பெயரை எழுதினாலும் பதில் அப்படியே பொருந்தும். அப்படிப் பொருந்துகிறது என்றால் அவள் அந்த வாழ்க்கையை வாசிக்கவில்லை என்றே பொருள். தலைப்பைப் பார்த்ததும் நினைவுக்கு வந்ததை எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான்.

இதில் குறை மாணவியிடம் இல்லை. நாம் கொடுக்கும் பாடப்பகுதியும் அதன் கீழே கேட்கும் கேள்வியும்தான் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன. பிறந்த ஊர், படித்த கல்லூரி, கண்டுபிடிப்பு, பரிசு என்று அடுக்கிய வரலாற்றிலிருந்து யாரும் குணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில்தான் குணம் வெளிப்படும். அப்படிப்பட்ட இடங்களைக் காட்டும் பகுதியைக் கொடுத்து, அந்த இடங்களைச் சுட்டியே கேள்வி கேட்டால், பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வியக்கத்தக்க பதில்களைத் தருவார்கள்.

அதற்கு ஏற்ற வாழ்க்கைகளில் ஒன்று வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. சென்னையில் வளர்ந்து, இங்கிலாந்தில் ஆய்வு செய்து, அமெரிக்காவில் வாழ்ந்தவர். உலகம் அவரைச் சந்திரா என்றே அழைத்தது. கீழே வருவது எட்டாம் வகுப்புக்கென்று எழுதிய வாழ்க்கைப் பகுதி. பத்திகளுக்கு எண் இட்டிருக்கிறேன். பதில் எழுதும்போது “பத்தி 3-இல் இப்படிச் செய்தார்” என்று பிள்ளைகள் சுட்டிக் காட்ட அது உதவும்.

வாழ்க்கைப் பகுதி: சந்திரா

(1) சந்திரா 1910 அக்டோபர் 19-இல் லாகூரில் பிறந்தார். அப்பா ரயில்வே கணக்குத் துறையில் அதிகாரி. அம்மா சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். அப்பாவின் தம்பிதான் சர் சி.வி. ராமன். 1918-இல் குடும்பம் சென்னையில் குடியேறியது. வீட்டிலேயே பாடம் கற்ற சந்திரா, பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். மகன் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். உனக்குப் பிடித்ததைப் படி என்று அம்மா சொன்னார். சந்திரா இயற்பியலைத் தேர்ந்தெடுத்தார்.

(2) 1928-இல் ஜெர்மனியின் புகழ்பெற்ற இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அணுவைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைச் சந்திரா தாமாகவே படித்து முடித்திருந்தார். அந்தத் துணிச்சலில் சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த விடுதிக்கே போய் அவரைச் சந்தித்தார். அங்கே அவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அந்தப் புத்தகத்தில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் என்ற புதிய கோட்பாடு வந்துவிட்டது என்று சோமர்ஃபெல்ட் சொன்னார். கையோடு, இன்னும் வெளியாகாத தம் கட்டுரை ஒன்றின் அச்சுப்படியையும் கொடுத்தார். சந்திரா அதை எடுத்துப் போய்ப் படித்தார். அதில் கற்ற புதுமுறையைப் பயன்படுத்தித் தாமே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த ஃபௌலர் என்ற அறிஞருக்கு அதை அனுப்பினார். முன்பின் அறியாத ஒரு மாணவரின் அந்தக் கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது.

(3) 1930-இல் இங்கிலாந்து சென்று ஆராய்ச்சி செய்ய அரசு உதவித்தொகை கிடைத்தது. அப்போது அம்மா கடுமையாக நோயுற்றிருந்தார். மகன் போகத்தான் வேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து கப்பல் கிளம்பியது. சந்திராவுக்கு வயது 19. மறு ஆண்டு மே மாதம் அம்மா காலமானார். மகன் அவரை மறுபடி பார்க்கவே இல்லை.

(4) கப்பலில் சந்திராவின் மனம் நட்சத்திரங்களைச் சுற்றியது. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி ‘வெண்குறுமீன்’ ஆகிறது. சூரியனின் நிறை முழுவதும் பூமி அளவுள்ள உருண்டைக்குள் அடங்கியிருக்கும். அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் பல டன் எடை இருக்கும். ஈர்ப்பு விசை அதை மேலும் மேலும் நசுக்கப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் ஓரளவுக்கு மேல் நெருங்க மறுத்து எதிர்த்து நிற்கின்றன. அந்த எதிர்ப்புதான் வெண்குறுமீனைத் தாங்குகிறது என்று ஃபௌலர் 1926-இல் விளக்கியிருந்தார். அவ்வளவு நெருக்கத்தில் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடுமே, அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்பியல் விதிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று சந்திரா கேட்டுக்கொண்டார். சேர்த்துப் பார்த்தபோது எதிர்பாராத விடை வந்தது. நட்சத்திரத்தின் நிறை ஓர் எல்லையைத் தாண்டினால் எலக்ட்ரான்களால் அதைத் தாங்க முடியாது. அது வெண்குறுமீனாக நிலைத்து நிற்க முடியாது.

(5) கேம்பிரிட்ஜில் சந்திரா அந்தக் கணக்கை ஆண்டுக்கணக்கில் சீர்படுத்தினார். 1933-இல் முனைவர் பட்டம் பெற்றார். டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே இருந்தவர் ஆர்தர் எடிங்டன். அன்றைய வானியலின் மிகப் பெரிய பெயர் அவர். சந்திரா நட்சத்திரங்களைப் பற்றிக் கற்றதே எடிங்டனின் புத்தகத்தைப் படித்துத்தான். எடிங்டன் அடிக்கடி சந்திராவின் அறைக்கு வந்து கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்தார். கையால் சுழற்றி இயக்கும் கணக்கு இயந்திரம் ஒன்று கிடைக்கவும் உதவினார்.

(6) 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டம். சந்திரா தம் முடிவுகளை முன்வைத்தார். அடுத்து எடிங்டன் எழுந்தார். தாம் எதிர்த்துப் பேசப் போவதைச் சந்திராவிடம் அவர் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. இந்தக் கணக்கு சரி என்றால், கனமான நட்சத்திரம் சுருங்கிக்கொண்டே போய், ஒளிகூட வெளியேற முடியாத நிலையை அடையும். இயற்கை இப்படி அபத்தமாக நடக்காது, சந்திரா பயன்படுத்திய சூத்திரமே தவறு என்று சொன்னார். அவையில் சிரிப்பு எழுந்தது. சந்திராவுக்கு வயது 24.

(7) சந்திரா உலகின் முன்னணி இயற்பியலாளர்களின் கருத்தைக் கேட்டு எழுதினார். போர், பௌலி போன்றவர்கள் எடிங்டனின் வாதத்தில் பொருள் இல்லை என்றே கருதினார்கள். ஆனால் அதைப் பொதுவில் எழுத உடனே முன்வரவில்லை. இத்தனைக்கும் நடுவே சந்திராவும் எடிங்டனும் நட்பை முறித்துக்கொள்ளவில்லை. 1936-இல் சந்திரா, மாநிலக் கல்லூரியில் உடன் படித்த லலிதாவை மணந்தார். 1937-இல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். வெண்குறுமீன் கோட்பாடு முழுவதையும் ஒரு நூலில் எழுதி 1939-இல் வெளியிட்டார். பிறகு அந்தத் துறையை விட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போனார்.

(8) எடிங்டன் 1944-இல் மறைந்தபோது, அந்தக் காலத்தின் மாபெரும் வானியலாளர்களில் ஒருவர் என்று சந்திரா அவரைப் போற்றினார். சந்திரா கண்ட நிறை எல்லை, சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு, இன்று ‘சந்திரசேகர் எல்லை’ என்று பாடநூல்களில் இருக்கிறது. ஒளிகூடத் தப்ப முடியாத அந்தப் பொருள்களை இன்று கருந்துளைகள் என்கிறோம். 1983-இல் சந்திராவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பண்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதல் கேள்வியைப் பத்தி 2-இல் இருந்தே தொடங்கலாம். “தாம் படித்தது பழையதாகிவிட்டது என்று தெரிந்ததும் சந்திரா என்ன செய்தார்? அதிலிருந்து அவருடைய எந்தக் குணம் தெரிகிறது?”

“சந்திரா விடாமுயற்சி உடையவர்” என்பது முதல் பதிலாக வரும். அதைத் தவறு என்று அடித்துவிடாமல் ஆசிரியர் மூன்று கேள்விகளைத் தொடர்ந்து கேட்கலாம். அவர் செய்தது என்ன? அதே இடத்தில் இருந்த வேறொருவர் வேறு என்ன செய்திருக்கலாம்? அந்த வேறுபாட்டுக்கு என்ன பெயர்?

செய்தது எளிதில் கிடைக்கும்: அச்சுப்படியை எடுத்துப் போய்ப் படித்தார், கட்டுரை எழுதினார், கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். வேறு என்ன செய்திருக்கலாம் என்ற இடத்தில்தான் வகுப்பு உயிர் பெறும். ‘இவ்வளவு படித்தும் வீணாகிவிட்டதே’ என்று மனம் விட்டிருக்கலாம். அச்சுப்படியை நினைவுப் பொருளாகப் பெட்டியில் வைத்திருக்கலாம். ‘பெரியவர் கொடுத்தார்’ என்று நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கலாம். இவை எல்லாமே ஒரு கல்லூரி மாணவர் செய்யக்கூடியவைதான். சந்திரா இவற்றைச் செய்யாமல், தெரியாத ஒன்றை உடனே கற்று உடனே பயன்படுத்தினார். இப்போது அதே மாணவி எழுதும் பதில் இப்படி மாறும்: “தமக்குத் தெரிந்தது பழையது என்று கேட்டதும் சந்திரா சோர்ந்துபோகவில்லை. புதியதைப் படித்து, அதை வைத்து ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். எனவே அவர் தம் அறியாமையை ஒத்துக்கொள்ளத் தயங்காதவர், கற்றதை உடனே செயல்படுத்துபவர் (பத்தி 2).” இந்தப் பதிலில் வேறு விஞ்ஞானியின் பெயரைப் போட்டால் பொருந்தாது. அதுதான் நல்ல பதிலின் அடையாளம்.

இரண்டாவது கேள்வியை எடிங்டனைப் பற்றிக் கேட்க வேண்டும். “பத்தி 5-ஐயும் 6-ஐயும் சேர்த்துப் படித்து, எடிங்டனின் குணத்தைப் பற்றி எழுதுக.” பிள்ளைகளுக்குக் கதையில் வில்லன் கிடைத்துவிட்டால் வேலை சுலபம். பொறாமைக்காரர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் பகுதியில் பொறாமைக்குச் சான்று எங்கே இருக்கிறது? அவர் கணக்கு இயந்திரம் கிடைக்க உதவியவர். அடிக்கடி வந்து விசாரித்தவர். அதே மனிதர்தான் முன்கூட்டிச் சொல்லாமல் அவையில் எழுந்து எதிர்த்தார். இரண்டும் நடந்தவை. ஆகவே “உதவும் மனம் கொண்டவர், ஆனால் தம் நம்பிக்கைக்கு மாறான முடிவை ஏற்க மறுத்தவர், இளையவரின் நிலையை எண்ணிப் பார்க்காமல் அவையில் பேசியவர்” என்பதுதான் பகுதி அனுமதிக்கும் பதில். ஏன் அப்படிச் செய்தார் என்ற காரணம் இந்தப் பகுதியில் இல்லை. இல்லாததை எழுதக் கூடாது என்பதையும் இதே கேள்வி கற்றுக் கொடுக்கிறது.

எடிங்டனிடம் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கூர்மையான மாணவர்கள் அதைப் பிடித்துவிடுவார்கள். கனமான நட்சத்திரம் ஒளிகூட வெளியேற முடியாத நிலைக்குச் சுருங்கும் என்று அன்றைக்கே அவையில் தெளிவாக எடுத்துச் சொன்னவர் அவர்தான். சந்திராவின் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அவர் சரியாகவே கண்டார். கண்டும், அப்படி நடக்காது என்று முடிவு கட்டினார். கணக்கு காட்டும் இடத்துக்குப் போவதா, அந்த இடம் பிடிக்காததால் கணக்கைத் தள்ளுவதா என்பதே இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு. “சந்திராவுக்கும் எடிங்டனுக்கும் அறிவில் வேறுபாடா, குணத்தில் வேறுபாடா?” என்று ஒரு கேள்வி கேட்டால் அரை மணி நேர விவாதம் நிச்சயம்.

மூன்றாவது கேள்வி பத்தி 3-ஐப் பற்றியது. நோயுற்ற அம்மாவை விட்டு அவர் கிளம்பியதை எந்தக் குணத்துக்குச் சான்றாகக் கொள்வது? சிலர் குறிக்கோளில் உறுதி என்பார்கள். சிலர் பாசமில்லாதவர் என்று எழுதக்கூடும். பகுதியை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். போகச் சொல்லி வற்புறுத்தியவர் அம்மா. பத்தி 1-இல், பிடித்ததைப் படி என்று சொன்னவரும் அவரே. இங்கே வெளிப்படையாகத் தெரிவது சந்திராவின் குணத்தைவிடச் சீதாலட்சுமியின் குணம். வாழ்க்கை வரலாற்றில் நாயகரின் குணத்தை மட்டுமே தேட வேண்டியதில்லை. அவர் எடுத்த முடிவுகளுக்கு இடம் கொடுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

எல்லாத் திருப்பமும் திருப்புமுனை ஆகாது

அடுத்தது திருப்புமுனைகள். “சந்திராவின் வாழ்வில் திருப்புமுனைகள் யாவை?” என்று பொதுவாகக் கேட்டால் நோபல் பரிசு முதலிடம் பிடிக்கும். அது பெரிய நிகழ்ச்சிதான், சந்தேகமில்லை. ஆனால் அப்போது சந்திராவுக்கு வயது 73. ஆய்வு வாழ்வின் பெரும்பகுதி முடிந்திருந்தது. பரிசுக்கு முன்னும் பின்னும் அவர் போன பாதை ஒன்றே. பெரிய நிகழ்ச்சியும் திருப்புமுனையும் வேறு வேறு என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே விளக்கிவிடும்.

திருப்புமுனையைச் சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். இதற்கு முன் அவர் போய்க்கொண்டிருந்த திசையும் இதற்குப் பின் போன திசையும் வேறா? அந்த இடத்தில் அவர் ஏதாவது முடிவெடுத்தாரா, அல்லது நடந்ததை ஏற்றுக்கொண்டாரா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் அது திருப்புமுனை. இரண்டாவதற்கும் ‘ஆம்’ என்றால் அது அவருடைய குணத்தையும் சேர்த்துக் காட்டும் திருப்புமுனை.

மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து நான்கு நிகழ்ச்சிகளைக் கொடுக்கலாம்: 1928 சந்திப்பு, 1930 கப்பல் பயணம், 1935 கூட்டம், 1939-இல் நூல் எழுதி விலகியது. ஒவ்வொரு குழுவும் இரண்டு கேள்விகளையும் வைத்துச் சோதித்து, முக்கியத்துவ வரிசையில் அடுக்க வேண்டும்.

1928 சந்திப்பு இரண்டு சோதனையிலும் தேறும். சந்திப்புக்கு முன் சந்திரா பழைய இயற்பியலைக் கற்ற சிறந்த மாணவர். அதன்பின் புதிய இயற்பியலில் கட்டுரை எழுதும் ஆய்வாளர். விடுதியைத் தேடிப் போனதும் அவர் முடிவு, கட்டுரையை அனுப்பியதும் அவர் முடிவு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டுரை நேராக நட்சத்திரங்களைப் பற்றியது அல்ல. எலக்ட்ரான் கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்ற புதிய முறையில் அது அமைந்தது. அதே முறைதான் ஃபௌலரின் வெண்குறுமீன் விளக்கத்துக்கும் அடிப்படை. அந்த அச்சுப்படி இல்லாமல் கப்பலில் அந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது. ஒரு திருப்புமுனை அடுத்ததற்கு வழி வைத்ததைப் பிள்ளைகள் இங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

கப்பல் பயணத்தைச் சோதிப்பது சுவையானது. கண்டுபிடிப்பு நடந்த இடம் என்பதால் எல்லாரும் அதை முதலில் வைப்பார்கள். ஆனால் கப்பலில் முடிந்தது கணக்கின் தொடக்கம் மட்டுமே. 1931-இல் வெளியான முதல் கட்டுரையில் எல்லை சூரிய நிறையில் 0.91 பங்கு என்று இருந்தது. நட்சத்திரத்தின் உள்ளே என்ன பொருள் எந்த அளவில் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்த பிறகுதான் 1.4 என்ற அளவு வந்தது. தோராயமாக இருந்த கணக்கைத் துல்லியமாக்க 1934 வரை உழைப்பு தேவைப்பட்டது. ஆகவே “கப்பலில் ஒரே மூச்சில் கண்டுபிடித்தார்” என்று எழுதும் குழுவிடம் பத்தி 5-இன் முதல் வரியைக் காட்ட வேண்டும். விஞ்ஞானிகளைப் பற்றி நம்மிடம் புழங்கும் கதைகளில் மின்னல்போல் தோன்றும் எண்ணத்துக்கே இடம் அதிகம். அதன்பின் வரும் நான்கு ஆண்டுக் கணக்கு யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

1935 கூட்டத்தில் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரிய வேண்டும். முதல் சோதனையில் அது தேறுவதுபோல் தெரிகிறது. அந்தக் கூட்டத்தால்தானே அவர் விலகினார்? ஆனால் கூட்டம் முடிந்த மறுநாள் சந்திரா துறையை விட்டுவிடவில்லை. அறிஞர்களுக்கு எழுதினார். வாதாடினார். இன்னும் நான்கு ஆண்டுகள் அதே துறையில் உழைத்தார். இரண்டாவது சோதனையிலோ கூட்டம் தேறாது. அன்று முடிவெடுத்தவர் எடிங்டன். சந்திரா அதை எதிர்கொண்டவர். அப்படியானால் திருப்புமுனை 1939-இல்தானா? அங்கே முடிவு முழுக்க அவருடையது. கோட்பாட்டை எரித்துவிட்டுப் போகவில்லை, மறைத்துவிட்டும் போகவில்லை. யார் வேண்டுமானாலும் படித்துச் சரிபார்க்கும்படி முழுமையாக எழுதி வைத்துவிட்டுப் போனார். எடிங்டனோடு ஆயுள் முழுவதும் சண்டையிட்டுக்கொண்டு அங்கேயே நிற்பதற்குப் பதில், உழைப்பைப் புதிய இடத்தில் செலுத்தினார். 1935 காரணம், 1939 திருப்பம் என்று பிரித்துச் சொல்லும் மாணவர் காரணத்தையும் முடிவையும் வேறுபடுத்தக் கற்றுவிட்டார்.

விலகியது தோல்வியா?

இதைத் தனிக் கேள்வியாகவே வைக்கலாம்: “சந்திரா துறையை விட்டு விலகியது தோல்வியை ஒப்புக்கொண்டதா? உன் பதிலுக்கு ஆதரவாக ஒரு சான்றும், எதிராக ஒரு சான்றும் பகுதியிலிருந்து தருக.” எதிரான சான்றையும் கேட்பது முக்கியம். பிள்ளைகள் தாம் எடுத்த பக்கத்துக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கும் பழக்கத்தை அது மாற்றும்.

தோல்வி என்பவர்களுக்கும் சான்று உண்டு. பெரியவர்கள் பொதுவில் ஆதரிக்காத நிலையில் அவர் விலகினார். தோல்வி இல்லை என்பவர்களுக்கு, நூல் இருக்கிறது. கோட்பாட்டில் ஓர் எழுத்தையும் அவர் திரும்பப் பெறவில்லை என்பதும் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு விடைக் குறிப்பில் ஒரே பதிலை எழுதி வைக்கக் கூடாது. சான்று காட்டிய எந்தப் பதிலுக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும். சான்று இல்லாத பதிலுக்கு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், தரக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. “எடிங்டன் மட்டும் எதிர்க்காவிட்டால் கருந்துளைகள் முப்பது ஆண்டுக்கு முன்பே தெரிந்திருக்கும்” என்ற வாக்கியம் சந்திராவைப் பற்றிய பேச்சுகளில் அடிக்கடி வரும். மாணவரும் எழுதுவார். அது ஊகம். நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம். இரண்டாம் உலகப் போர் வந்தது, கருவிகள் வளர வேண்டியிருந்தது, வேறு பலர் உழைக்க வேண்டியிருந்தது. நடந்ததை வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்லலாம். நடக்காததை வைத்துச் சொல்ல முடியாது. ‘நடந்தது’, ‘நான் ஊகிப்பது’ என்று இரண்டு பட்டிகள் போட்டு, எழுதும் ஒவ்வொரு வரியும் எந்தப் பட்டியில் சேரும் என்று பிள்ளைகளைக் கேட்டால் இந்த வேறுபாடு எளிதில் பிடிபட்டுவிடும்.

போர், பௌலி ஆகியோரின் மௌனத்தையும் இங்கேயே பேசலாம். “உன்னிடம் தனியே ‘நீ சொல்வது சரி’ என்று சொன்ன நண்பர் வகுப்பில் எழுந்து சொல்லவில்லை. உனக்கு எப்படி இருக்கும்? அவர் ஏன் சொல்லவில்லை என்று நினைக்கிறாய்?” முதல் பாதி அனுபவக் கேள்வி, இரண்டாம் பாதி ஊகக் கேள்வி. இரண்டையும் பிரித்துக் கேட்டால், பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையிலிருந்தே நல்ல பதில்களை எடுத்து வருவார்கள். மதிப்பெண் இல்லாமல், வாய்மொழியாகவே வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இறுதிக் கேள்வி

மேல்நிலைக் கேள்வி ஒன்றையும் சேர்க்கலாம். அதற்கு மட்டும் கூடுதலாக ஒரு தகவல் பெட்டி கொடுக்க வேண்டும். 1939 நூலுக்குப் பிறகு சந்திரா நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கத்தை ஆராய்ந்து 1942-இல் நூல் எழுதினார். அடுத்து, நட்சத்திரங்களின் வளிமண்டலத்தில் ஒளி எப்படிப் பயணம் செய்கிறது என்பதை ஆராய்ந்து 1950-இல் நூல் எழுதினார். பாய்மங்களின் நிலைத்தன்மை பற்றிய நூல் 1961-இல் வந்தது. சுழலும் பாய்ம உருண்டைகளின் வடிவங்கள் பற்றியது 1969-இல் வந்தது. 1983-இல் வந்தது கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றிய நூல். ஒவ்வொரு முறையும் ஒரு துறைக்குள் இறங்கி, பல ஆண்டுகள் உழைத்து, எல்லாவற்றையும் ஒரு நூலில் ஒழுங்குபடுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

கேள்வி இதுதான்: “இந்தப் பழக்கம் 1935-இல் பட்ட காயத்தால் வந்ததா, அல்லது முன்பே அவரிடம் இருந்த குணமா?”

காயத்தால் வந்தது என்று எழுதும் மாணவர் 1939 நூலைக் காட்டுவார். விலகுவதற்காக எழுதிய நூல் அது. அதன்பின் அவர் அதே முறையைத் தொடர்ந்தார் என்று வாதிடுவார். முன்பே இருந்தது என்பவர் 1928-க்குப் போவார். பழையது என்று தெரிந்த இயற்பியலைப் பற்றிக்கொண்டு நிற்காமல் புதியதற்குத் தாவியவர்தானே அவர் என்பார். இன்னும் கூர்மையான ஒருவர் 1983 நூலின் பொருளைக் கவனித்து, அவர் விட்டுப்போன கேள்விக்கே, எடிங்டன் அபத்தம் என்று தள்ளிய பொருளுக்கே, வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கிறாரே என்று சொல்லக்கூடும். மூன்று பதில்களுக்கும் பகுதியிலும் பெட்டியிலும் சான்று இருக்கிறது. எந்தப் பதிலை எடுத்தாலும் அந்த மாணவர் ஆண்டுகளை ஒப்பிட வேண்டும், ஒரு செயலை இன்னொரு செயலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், ‘அதனால்’ என்ற சொல்லை எழுதுமுன் யோசிக்க வேண்டும்.

வீட்டுப்பாடமாக ஒன்று கொடுங்கள். பிள்ளைகள் தங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம், வாழ்க்கையில் திசை மாறிய ஓர் இடத்தைச் சொல்லச் சொல்லி, ஒரு பக்கத்தில் எழுதி வரட்டும். பண்புப் பெயர் ஒன்றுகூட அதில் வரக் கூடாது. அவர் என்ன செய்தார், வேறு என்ன செய்திருக்கலாம் என்பது மட்டும் இருக்க வேண்டும். மறுநாள் அந்தப் பக்கத்தைப் பக்கத்து இருக்கை மாணவர் படித்து, அந்தப் பெரியவரின் குணத்தைத் தாமே கண்டு சொல்லட்டும். சொல்ல முடிந்தால், எழுதியவரும் வாசித்தவரும் இந்தப் பாடத்தைக் கற்றுவிட்டார்கள்.